பவர் பேங்கோடு ஒட்டிவரும் ஒயர்: எங்கே அறுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எதை வாங்குவது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கத்து ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் சித்தி வீட்டில் ஒரு பவர் பேங்க் இருந்தது. பொத்தானை அழுத்தினால் நான்கு புள்ளிகளும் எரிந்தன, அதாவது உள்ளே முழுச் சார்ஜ் இருந்தது. ஆனால் போனுக்குக் கொடுப்பதற்கு அதிலிருந்த ஒரே வழி, பெட்டியோடு ஒட்டிவந்த சாண் நீள ஒயர்தான். அந்த ஒயர் அடியில் அறுந்துபோயிருந்தது. சிங்கப்பூரில் இருந்த அவர் மகனுக்கு அம்மா உயிரோடு இருக்கும் செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. பெட்டி நிறையச் சார்ஜ் இருந்தும் வெளியே எடுக்க வழியில்லை.

திருத்துறைப்பூண்டியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பவர் பேங்க் வாங்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இரண்டு. ஒயர் கூடவே வருவது நல்லதா, தனி ஒயர் நல்லதா? நம்பர் காட்டும் ஸ்கிரீன் வேண்டுமா, நான்கு புள்ளி போதுமா? வாங்கும் நாளிலிருந்து ஒயர் அறுகிற நாள் வரை என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஒயர் ஏன் அடியில் அறுகிறது

ஒட்டிவரும் ஒயர் புதிதாக இருக்கும்போது நல்ல ஒயர்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். நீளம் குறைவாக இருப்பதால் வழியில் வோல்ட் அதிகம் இறங்காது. தனிக் கேபிளில் பவர் பேங்க் பக்கம் ஒரு இணைப்பு, போன் பக்கம் ஒரு இணைப்பு என்று இரண்டு இருக்கும். ஒட்டிய ஒயரில் பெட்டிப் பக்கம் நேராக போர்டில் சால்டரிங் செய்திருப்பார்கள், அதனால் லூஸ் கான்டாக்ட் ஆவதற்கு ஒரு இடம் குறைவு.

சிக்கல் வளைவில் இருக்கிறது. ஒயருக்குள்ளே ஓடுவது ஒற்றைக் கம்பி இல்லை, தலைமுடி போன்ற செம்பு இழைகள் பல சேர்ந்த கற்றை. செம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்த இடம் இறுகி, பிறகு முறியும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடித்து ஒடிப்போமே, அதே கதை. பெட்டியின் பிளாஸ்டிக் அசையாது, ஒயர் அசையும். இரண்டும் சேருகிற ஐந்து மில்லிமீட்டர் இடத்தில்தான் வளைவு முழுக்க விழுகிறது. அங்கே ஒரு ரப்பர் மூக்கு வைத்து வளைவைப் பரப்பிவிடுவது நல்ல கம்பெனிகளின் வழக்கம். மூக்கு இல்லாமல் ஓட்டையிலிருந்து நேராக வெளியே வரும் ஒயர், பிளாஸ்டிக் விளிம்பிலேயே மடியும்.

தனிக் கேபிளும் இப்படித்தான் அறும். ஆனால் அது அறுந்தால் கேபிளைத் தூக்கிப்போட்டு நூறு, இருநூறு ரூபாயில் வேறு வாங்குகிறோம். ஒட்டிய ஒயர் அறுந்தால் நல்ல செல்களும் நல்ல போர்டும் அந்த ஐந்து மில்லிமீட்டருக்காக வீணாகின்றன. சில வருஷம் உழைக்கக்கூடிய பொருளோடு, சில மாதத்தில் தேய்கிற பொருளைப் பிரிக்க முடியாதபடி சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் இருக்கும் ஆதங்கம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இருபது இழையில் பதினைந்து அறுந்தாலும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது. இழைகள் குறைந்திருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு மட்டும்தான், அவ்வளவு சின்னத் தூரத்தில் மிச்ச இழைகளே கரண்டைக் கொண்டுபோய்விடும். கடைசி இழைகளும் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும்போதுதான் தடை எகிறுகிறது. அதனால்தான் எல்லோரும் "நேத்து வரைக்கும் நல்லா ஏறுச்சுண்ணே" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. நேற்று வரை ஓரிரு இழை மிச்சமிருந்தது.

அந்தத் தொடுநிலையில் கால் ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் போகும்போது அந்தப் புள்ளியிலேயே அரை வோல்ட் இறங்கிவிடும். பெட்டியிலிருந்து 5 வோல்ட் கிளம்பினால் போனுக்கு நாலரைதான் வந்து சேரும். வோல்ட் சரிவதைப் பார்த்ததும் போன் தானாகவே குறைவாக இழுக்கத் தொடங்கும், சார்ஜ் நத்தையாகிவிடும். இறங்கிய அரை வோல்ட் 1 வாட் சூடாக மாறி, அரிசிமணி அளவு இடத்தில், ரப்பருக்குள்ளே, வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஒயரின் அடியைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுதான். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய உறை இளகி, கரண்டைக் கொண்டுபோகும் சிவப்பு ஒயரும் திரும்பக் கொண்டுவரும் கறுப்பு ஒயரும் தொட்டுக்கொள்ளவும் கூடும்.

எந்த அமைப்பு எங்கே உடையும்

சந்தையில் இப்போது நிறைய வருவது வளையம் போட்ட ஒயர். ஒரு முனை பெட்டிக்குள், மறுமுனையில் இருக்கும் டைப்-சி பின்னைப் பெட்டியிலேயே ஒரு பள்ளத்தில் செருகிவிடலாம், கைப்பிடி போல நிற்கும். பார்க்க அழகு, ஒயர் தொலையாது. ஆனால் கைப்பிடி மாதிரி இருப்பதால் அதைப் பிடித்துத் தூக்குவார்கள், ஆணியில் மாட்டுவார்கள். 10,000 எம்ஏஎச் பெட்டி 200 கிராமுக்கு மேல் எடை வரும். அந்த எடை நாள் முழுக்க ஒயரின் அடியிலும், பின்னைப் பிடித்திருக்கும் பள்ளத்திலும் தொங்குகிறது. கரண்ட் கொண்டுபோக வந்த ஒயரை யாரும் கயிறாக்க வேண்டாம். வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். பின்னைச் செருகி வைக்கிற பள்ளம் வெறும் பள்ளமாக இருக்க வேண்டும். சிலர் ஒயரைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து, அதே பெட்டியின் சார்ஜ் ஏறும் போர்ட்டில் செருகி வைக்கிறார்கள். சில மாடல்கள் அப்போது தனக்குத்தானே சார்ஜ் போட்டுக்கொண்டு சும்மா சூடாகும், காலையில் பார்த்தால் சதவீதம் இறங்கியிருக்கும்.

பக்கவாட்டுப் பள்ளத்தில் படுத்திருக்கும் நான்கு ஒயர் மாடல் இன்னொன்று. டைப்-சி, மைக்ரோ, லைட்னிங், அதோடு பெட்டிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பட்டைப் பின். வீட்டில் மூன்று பேரிடம் மூன்று விதமான போன் இருந்தால் உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். நெம்பும்போது பின்னைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுப்பதால், இதில் அடியைவிடப் பின்னை ஒட்டிய கழுத்துதான் முதலில் போகிறது.

உள்ளே சுருண்டுகொள்ளும் ஒயரை நான் நம் ஊருக்குச் சொல்வதில்லை. உள்ளே சுருள் வில் இருக்கிறது, ஒயர் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தாக வேண்டும். அறுவடை நேரத்தில் களத்தில் பறக்கும் நெல் சுணையும் தூசியும் ஒயரோடு சேர்ந்து உள்ளே போய்விடும், வெளியே வராது. பாதியில் சிக்கிக்கொண்ட ஒயரைப் பலம் போட்டு இழுத்தால் கதை முடிந்தது.

ஒயரே இல்லாமல், பெட்டியிலிருந்து பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி பவர் பேங்க்கும் உண்டு. இதில் ஒயர் அறும் பேச்சே இல்லை. அதற்குப் பதில் முழு எடையும் போனின் சாக்கெட்டில் தொங்குகிறது. பஸ்ஸில் கால்சட்டைப் பையில் இரண்டையும் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தால் பெட்டி நெம்புகோலாகிவிடும். பவர் பேங்க் உடைந்தால் பவர் பேங்க் காசு, போன் சாக்கெட் உடைந்தால் அதைவிட அதிகம். தடித்த கவர் போட்ட போனில் பின் முழுசாக உள்ளே இறங்காது என்பதையும் கவனியுங்கள்.

ஸ்கிரீன் எதற்கு உதவும்

நான்கு புள்ளியில் ஒரு புள்ளி எரிந்தால் 25 சதவீதமும் இருக்கலாம், 2 சதவீதமும் இருக்கலாம். டிபிசி என்கிற நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு இரவெல்லாம் காவல் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அந்த வகையில் நம்பர் காட்டும் ஸ்கிரீன் உதவி. ஆனால் அந்த நம்பரை அப்படியே நம்பக் கூடாது. சில போர்டுகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கெடுத்துச் சதவீதம் சொல்லும். மலிவானவை செல்லின் வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்லும். உங்களுடையது எது என்று பார்ப்பது எளிது. போன் ஏறிக்கொண்டிருக்கும்போது நம்பரைப் பாருங்கள், ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். 41 இருந்தது 46 ஆகிவிட்டால் அது வோல்ட் பார்க்கும் வகை, கடைசி 20 சதவீதம் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் கரையும்.

சதவீதத்தைவிட எனக்குப் பிடித்தது வாட் காட்டும் ஸ்கிரீன். சில பவர் பேங்க்குகளில் இருக்கிறது. பின்னிலேயே சின்னத் திரை வைத்து வாட் காட்டும் தனிக் கேபிளாகவும் கிடைக்கிறது. ஒன்றிரண்டு வாட் முன்பின் காட்டும்தான், இருந்தாலும் ஒயரின் உடல்நிலையை வீட்டிலேயே பார்க்க அதுதான் கருவி. திரை வைத்த கேபிளின் பின் கொஞ்சம் நீளமாக இருப்பதால், குத்த வைத்த போனில் அது மடங்கிக்கொள்ளும். மேஜையில் வைத்து ஏற்றும்போது பயன்படுத்துங்கள். மத்தியான வெயிலில் இந்தத் திரைகள் எதுவும் சரியாகத் தெரியாது, கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: கடையில் நின்றபடியே

ஒட்டிய ஒயர் உள்ளதுதான் வேண்டும் என்றால், முதலில் ஒயரைப் பார்க்காமல் அந்த ஒயர் இல்லாவிட்டால் பெட்டி என்ன செய்யும் என்று பாருங்கள். தனி டைப்-சி போர்ட் இருக்க வேண்டும். அது உள்ளே ஏற்றவும் வெளியே கொடுக்கவும் இரண்டுக்கும் வேலை செய்ய வேண்டும், ஒயர் கொடுக்கும் அதே வேகத்தில் கொடுக்க வேண்டும். பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் ஒவ்வொரு வழிக்கும் வோல்ட், ஆம்பியர் போட்டிருக்கும். சில மாடல்களில் ஒயரில் 20 வாட்டுக்கு மேல் வரும், போர்ட்டில் 10 வாட்தான் வரும். இன்னும் சிலவற்றில் போர்ட் ஏற்றுவதற்கு மட்டும், கொடுக்காது. அப்படிப்பட்டதை எடுக்காதீர்கள். சித்தி வீட்டுப் பெட்டி அந்த ரகம்தான்.

அடுத்து ஒயரின் அடியைப் பாருங்கள். ரப்பர் மூக்கு ஒரு சென்டிமீட்டராவது வெளியே வந்திருக்க வேண்டும். ஒயரை மெதுவாக வளைத்தால் வளைவு அந்த மூக்கு முழுக்கப் பரவ வேண்டும், ஒரே இடத்தில் முழங்கை போல மடங்கக் கூடாது. துணி போல நெய்த உறை உறுதி என்று நினைத்து வாங்குகிறார்கள். நெய்த உறை உராய்வைத் தாங்கும், உள்ளே செம்பு முறிவதைத் தடுக்காது. சொல்லப்போனால் முறிந்ததை மறைத்துவிடும்.

முதுகில் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குக்கு அந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்தது என்று வரும், பெட்டியில் இருக்கும் பெயரோடு ஒத்துப்பாருங்கள்.

என் தேர்வு என்ன என்று கேட்டால், ஒயர் ஒட்டாத சாதாப் பெட்டி, ஒரு அடி நீளத்தில் நல்ல டைப்-சி கேபிள் இரண்டு, அவற்றில் ஒன்று வாட் காட்டுவது. இரண்டாவது கேபிளை ரப்பர் பேண்ட் போட்டுப் பெட்டியோடு கட்டிவைத்துவிடுங்கள். ஒட்டிய ஒயரின் ஒரே பெரிய லாபம் மறந்து போகாமல் இருப்பதுதான், அந்த லாபத்தை ரப்பர் பேண்டே கொடுத்துவிடும்.

படி 2: முதல் நாள் எழுதிவைக்க வேண்டியது

புது பவர் பேங்க்கை முழுசாக ஏற்றுங்கள். போனில் சார்ஜ் 20 - 30 சதவீதம் இருக்கும்போது ஒட்டிய ஒயரில் செருகி, இரண்டு நிமிஷம் கழித்து எத்தனை வாட் என்று பாருங்கள். போன் திரை அணைந்திருக்கட்டும். பிறகு அதே போனைத் தனி போர்ட்டில் தனிக் கேபிள் போட்டுப் பாருங்கள். இரண்டு நம்பரையும் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். போனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும்போது பார்த்தால் நம்பர் தானாகவே குறைவாக வரும், அது ஒயரின் குற்றம் இல்லை. அதனால்தான் எப்போதும் 20 - 30 சதவீதத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

வாட் திரை இல்லாதவர்கள், 30 நிமிஷத்தில் போன் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று எழுதிவைத்தால் போதும்.

படி 3: மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது

ஒயர் கடைசி இழை வரை நல்ல ஒயராகவே நடிக்கும் என்று மேலே சொன்னேன். அதனால் சும்மா செருகிப் பார்ப்பது சோதனை ஆகாது. போன் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒயரின் அடியை இரண்டு விரலால் பிடித்து, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பக்கமும் மெதுவாகச் சாயுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்து வினாடி நிறுத்துங்கள். கண் வாட் நம்பரில் இருக்கட்டும், திரை இல்லையென்றால் போனின் மின்னல் குறியில் இருக்கட்டும். அடுத்து பின்னை ஒட்டிய கழுத்தையும் இதேபோல் செய்யுங்கள். பலம் போட வேண்டாம், பையில் வைத்தால் எவ்வளவு வளையுமோ அவ்வளவு போதும்.

நம்பர் ஆடவே இல்லையென்றால் ஒயர் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் நம்பர் விழுந்து எழுந்தால் இழைகள் முடியப்போகின்றன. அதன் பிறகு "இந்தப் பக்கமா மடிச்சு வெச்சா ஏறும்" என்று ஒரு நிலை கண்டுபிடித்து, கல் வைத்து ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சூடேறுகிற நிலை. அந்த நிலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ஒரு கேஸ்: மோட்டார் கொட்டகை ஆணி

சம்பா அறுவடை முடிந்த நேரம். தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வளையம் போட்ட டைப்-சி ஒயர், நம்பர் காட்டும் திரை, 10,000 எம்ஏஎச். வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"தம்பி, டிபிசில மூணு ராத்திரி நெல்லோட கெடந்தேன். மொத ராத்திரி நல்லா ஏறுச்சு. ரெண்டாவது ராத்திரி விடிய விடியப் போட்டும் பாதிதான் ஏறியிருக்கு. பேட்டரி போயிருச்சா?"

"பெட்டில நம்பர் எவ்வளவு காட்டுச்சுங்கய்யா?"

"அதான் தம்பி எனக்கே புரியல. அது எழுவதுக்குக் கீழ எறங்கவே இல்ல."

பாதி பதில் அதிலேயே இருந்தது. பேட்டரி செத்திருந்தால் நம்பர் மளமளவென்று இறங்கியிருக்கும். இங்கே உள்ளே இருப்பது இருக்கிறது, வெளியேதான் வரவில்லை. சித்தி வீட்டுக் கதையேதான்.

முதலில் தனி போர்ட்டில் கடைக் கேபிளைப் போட்டு, நடுவில் யூஎஸ்பி மீட்டரையும் வைத்து அவர் போனைச் செருகினேன். 9 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 18 வாட். செல்லும் போர்டும் நலம். பிறகு ஒட்டிய ஒயரில் செருகினேன். அசையாமல் மேஜையில் வைத்திருந்தபோது இதுவும் 18 வாட்டே காட்டியது. இங்கேயே நிறுத்தியிருந்தால் "ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று அனுப்பிவைத்திருப்பேன். அடியைப் பிடித்து இடப்பக்கம் சாய்த்ததும் 9 வோல்ட் 5 வோல்ட்டாகி, வாட் நான்கு ஐந்துக்கு விழுந்தது, பிறகு பூஜ்யமானது. விட்டதும் மறுபடி 5-இல் தொடங்கி 9-க்கு ஏறியது. பின்னை ஒட்டிய கழுத்தை எவ்வளவு சாய்த்தும் நம்பர் ஆடவில்லை. ஆக, குற்றம் அடியில்.

9 ஏன் 5 ஆகிறது என்றால், போனும் பவர் பேங்க்கும் செருகியதும் பேசி முடிவெடுத்துத்தான் 9 வோல்ட்டுக்குப் போகின்றன. ஒரு கண நேரம் இணைப்பு விட்டுப்போனாலும் முதலிலிருந்து, அதாவது 5 வோல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். விடாமல் விட்டுப்போய்க்கொண்டே இருந்தால் 5-லேயே தங்கிவிடும். சாக்கு மேல் வைத்து, பக்கத்தில் ஆள் புரண்டு படுக்கும் இரவில் அதுதான் நடந்திருக்கிறது.

"இத வீட்ல எங்க வெச்சிருப்பீங்க?"

"மோட்டார் கொட்டகைல ஆணில மாட்டிருவேன். அதுக்குத்தானே வளையம் குடுத்திருக்கான்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வளையம் கொடுத்தால் யாரும் மாட்டத்தான் செய்வார்கள்.

பெட்டியைத் திறந்தபோது, ரப்பர் மூக்குக்குள்ளே சிவப்பு ஒயரின் செம்பு கறுத்து, உறை லேசாக இளகியிருந்தது. கறுப்பு ஒயர் பாதி நன்றாக இருந்தது. சால்டரிங் அசையவில்லை.

படி 4: அறிகுறியை வைத்து எது போனது என்று சொல்வது

டைப்-சி ஒயருக்குள் கரண்ட் போகிற ஒயர்களும், பேசிக்கொள்கிற ஒயர்களும் தனித்தனியாக ஓடுகின்றன. எது அறுந்தது என்பது நடக்கும் விதத்தில் தெரியும்.

மெதுவாக ஏறுகிறது, அடி சூடாகிறது என்றால் கரண்ட் ஒயர். பெரியவருடையது இது.

சூடு இல்லை, நம்பரும் ஆடவில்லை, ஆனால் முன்பு வேகமாக ஏறியது இப்போது எப்போதும் 10 வாட்டுக்குள்ளேயே நிற்கிறது என்றால் பேசுகிற ஒயர் போயிருக்கலாம். சில போன்கள் தகவல் ஒயர் வழியாகப் பேசித்தான் வேகச் சார்ஜுக்குப் போகின்றன. அந்த ஒயர் அறுந்தால் 5 வோல்ட்டுக்கு மேல் வராது. இதில் ஆபத்து இல்லை, பொறுமைதான் வேண்டும்.

செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை, பவர் பேங்க் போனைக் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் தனி போர்ட்டில் நன்றாக ஏறுகிறது என்றால், இணைப்பைக் கண்டுபிடிக்கும் மெல்லிய ஒயர் அறுந்திருக்கலாம். டைப்-சியில் எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறார் என்று அந்த ஒயர் சொன்ன பிறகுதான் கரண்டே திறக்கும்.

பவர் பேங்க் முழுசாகவே செத்துப்போய், பொத்தானுக்கும் அசையவில்லை என்றால் பயப்படாதீர்கள். ஒயருக்குள் சிவப்பும் கறுப்பும் தொட்டதால் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். தனி போர்ட்டில் சுவர் சார்ஜரைச் செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்த பிறகு ஒட்டிய ஒயரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

உப்புக் காற்று இருக்கும் ஊருக்கு மட்டும்

வேதாரண்யம், அகத்தியம்பள்ளி பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கும், நாகப்பட்டினத்தில் போட்டில் போகிறவர்களுக்கும் இது தனியாகச் சொல்ல வேண்டியது. தனிக் கேபிளைப் பையில் சுற்றி வைக்கலாம். ஒட்டிய ஒயரின் பின் எப்போதும் காற்றில் நிற்கிறது, மூடியும் இல்லை. பின்னில் மேலே தங்கப்பூச்சு மிக மெல்லியது. உப்பு ஈரம் பட்டு, அதே ஈரத்தோடு கரண்டும் போனால் தொடுமுனை சீக்கிரம் அரிக்கும். லைட்னிங் பின்னில் இது கண்ணாலேயே தெரியும், ஒரு கோடு மட்டும் கறுத்திருக்கும்.

பின்னில் ஈரம் பட்டால் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகுதான் செருக வேண்டும். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு மெதுவாகத் தேய்த்துக் காயவிடுங்கள். ஊசி, குண்டூசி, பிளேடு எதுவும் வேண்டாம், சுரண்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். களத்து வேலைக்காரர்கள் சுணையை ஊதி எடுக்காமல் பிரஷால் எடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் உள்ளே போகிறது.

படி 5: அறுந்த பிறகு

முதலில் செய்யக்கூடாதது: ஒயரைக் கத்தரியால் வெட்டிவிடுவது. வெட்டும்போது கத்தரியே சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துவிடும். வெட்டிய முனையில் இரண்டும் திறந்து நிற்பதால் பையில் சாவி பட்டாலும் ஷார்ட். 10,000 எம்ஏஎச் பெட்டிக்குள் 37 வாட்-மணி சக்தி இருக்கிறது. போன் பேட்டரி ஒன்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் உதவாது. டேப் வெளித்தோலைத்தான் மூடும், உள்ளே முறிந்த செம்பு அப்படியேதான் இருக்கும், சூடு மட்டும் இன்னும் அடைபடும்.

தனி போர்ட் வேலை செய்தால், ஒட்டிய ஒயரைப் பள்ளத்தில் படுக்கவைத்து அசையாமல் கட்டிவிட்டு, போர்ட்டை மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் அடி ஒருமுறை சூடானதாக இருந்தால் அதுவும் வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் செய்ய வேண்டியது பெட்டியைத் திறந்து, போர்டில் ஒயர் சால்டரிங் செய்த இடத்திலேயே எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காப்பிட்டு மூடுவது. புது ஒயர் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். நான் வைப்பதில்லை. கம்பெனி வைத்த ரப்பர் மூக்கு இல்லாமல் நான் வைக்கும் ஒயர் முன்னதைவிடச் சீக்கிரம் அறும். நெம்பித் திறந்தாலே செல்லில் கீறல் விழும்படி ஒட்டி மூடிய பெட்டிகளை நான் திறப்பதும் இல்லை. வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்க யாரும் முயல வேண்டாம், செல்லில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

பெட்டி உப்பியிருந்தால் ஒயரைப் பற்றிய கேள்வியே இல்லை. அதை ஏற்றவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, வெயில் படாத, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு மண் சட்டியில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பெரியவரின் பெட்டியில் ஒயரை எடுத்துவிட்டு, ஓட்டையை அடைத்து, ஒரு அடி டைப்-சி கேபிள் ஒன்று கொடுத்தேன். போர்ட்டில் 18 வாட் வந்ததைத் திரையில் காட்டி, தேதி போட்டு முதுகில் எழுதி ஒட்டினேன். "அப்ப ஆணில எப்படி மாட்டுறது தம்பி?" என்றார். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று கடையில் கிடந்தது. பெட்டியையும் கேபிளையும் அதில் போட்டுக் கையில் கொடுத்தேன்.